பெரியப்பா படம் ஏன் உரிந்தது: ஒரு ஜெஸ்ஸோ பலகையின் நிகழ்வு ஆய்வு

"படத்துல நெத்திக்கிட்ட பொரி பொரியா வந்திருக்குப்பா, தொட்டா கையோட வந்துடும்போல இருக்கு, நான் தொடல." பெரியம்மா போனில் சொன்னது இவ்வளவுதான். தொடாமல் விட்டாரே, அதுவே பாதி காப்பாற்றியது. துடைத்திருந்தால் இன்று எழுத ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் பெரியப்பாவின் உருவத்தை நான் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுத்த படம் அது. 40 சென்டிமீட்டர் அகலம், 50 உயரம், 18 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மரப்பலகை, இரண்டு பலகையைப் பக்கவாட்டில் ஒட்டிச் சேர்த்தது, ரேகை மேலிருந்து கீழாக ஓடும். மேலே, வண்ணத்துக்கு அடியில் போடும் வெள்ளை அடிப்பூச்சாக, நானே பசை காய்ச்சிப் பூசிய ஜெஸ்ஸோ. அதே வருடம், அதே வண்ணங்களை வைத்து, பெரியம்மாவையும் கேன்வாஸில் வரைந்திருந்தேன். அதற்கு டப்பாவில் வரும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ. இரண்டும் ஒரே சுவரில் பக்கம் பக்கமாகத் தொங்கின, ஒரே வெயில், ஒரே ஈரம். கேன்வாஸில் ஒரு கீறல்கூட இல்லை. பலகையில் நெற்றியிலிருந்து இடது காது வரை வண்ணம் கூடாரம் போட்டு நின்றது.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வண்ணம் ஒன்று, கை ஒன்று, சுவர் ஒன்று. மாறியது அடிப்பூச்சும் அது உட்கார்ந்திருந்த பொருளும்தான். தப்பு எங்கே என்று தேடுவதற்கு இதைவிடத் தெளிவான நிலைமை கிடைக்காது.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கியதும் முகம் மேலே பார்க்கும்படி மேசையில் கிடத்தி, அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையின் விளிம்பை ஒட்டித் தாழ்வாகப் பிடித்து வெளிச்சம் அடித்தேன். நேராகப் பார்த்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் இப்படிப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் போட்டுக் காட்டிவிடும். தெரிந்தது என்னவென்றால், உப்பலும் விரிசலும் மேலிருந்து கீழாக, ரேகையின் திசையிலேயே ஓடின. குறுக்கே ஒன்றுகூட இல்லை. வண்ணம் தானாகச் சுருங்கி வெடித்திருந்தால் விரிசல் காய்ந்த குளத்து மண் மாதிரி எல்லாப் பக்கமும் போயிருக்கும். இங்கே மரம் அகலவாக்கில் அசைந்திருக்கிறது, மேலே இருந்ததற்கு அந்த அசைவோடு போகத் தெரியவில்லை.

ஆனால் மரம் அசைவது குற்றமில்லை, எல்லா மரமும் அசையும். காற்றில் ஈரம் ஏறினால் ரேகைக்குக் குறுக்காக விரியும், காய்ந்தால் சுருங்கும். ரேகை ஓடும் நீளவாக்கில் அநேகமாக அசைவே இல்லை. பலகை மரத்திலிருந்து எப்படி அறுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து, 40 சென்டிமீட்டர் அகலம் வருடத்துக்குள் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை போய்வரலாம். ஐந்நூறு, அறுநூறு வருடத்துப் பலகை ஓவியங்கள் இந்த அசைவைத் தாங்கிக்கொண்டு இன்னும் நிற்கின்றன. அப்படியானால் என் பலகை ஒன்பது வருடத்தில் ஏன் விட்டுக்கொடுத்தது என்பதுதான் கேள்வி.

உதிர்ந்த செதில் சொன்னது

சட்டத்தின் அடிவிளிம்பில் இரண்டு செதில்கள் உதிர்ந்து தங்கியிருந்தன, பெரியது சுண்டுவிரல் நகம் அளவு. ஓவியம் உரிகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது செதிலின் முதுகு என்ன நிறம் என்பதைத்தான். முதுகு வண்ணமாக இருந்தால் வண்ணமும் வண்ணமும் பிரிந்திருக்கிறது, அடிப்பூச்சு மேல் பழி இல்லை. முதுகு வெள்ளையாகவும் பலகையில் வெற்று மரமாகவும் இருந்தால் ஜெஸ்ஸோ மரத்தைப் பிடிக்கவே இல்லை. முதுகில் வண்ணம் மட்டும் இருந்து பலகையில் வெள்ளை மழமழவென்று இருந்தால், வண்ணம் ஜெஸ்ஸோவைப் பிடிக்கவில்லை.

என் செதிலின் முதுகு வெள்ளை. அது விட்டுப்போன இடத்தில் பலகையிலும் வெள்ளை. அதாவது ஜெஸ்ஸோ தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் செதிலின் ஓரத்தைப் பார்த்தபோது மொத்த ஜெஸ்ஸோவில் ஏறத்தாழ பாதிக் கனம் செதிலோடு வந்திருந்தது. அடுத்து ஈர விரல் சோதனை, கேட்க அற்பமாக இருந்தாலும் எனக்கு விஷயத்தை உடைத்துச் சொன்னது இதுதான். பலகையில் மிச்சம் இருந்த வெள்ளையை ஈர விரல் நுனியால் லேசாகத் தேய்த்தேன், உடனே மாவு போல விரலில் ஒட்டிக்கொண்டது. செதிலின் முதுகில் அதே மாதிரி தேய்த்தேன், அசையவில்லை, நகத்தால் சுரண்டினால் பல்லைச் சுரண்டுவது போல இருந்தது. கீழே பசை குறைந்த பொடி, மேலே பசை கூடிய ஓடு. இரண்டும் ஒரே கையால், ஒரே வாரத்தில் பூசப்பட்டவை.

சரி, இது எப்படி நடந்தது?

நோட்டுப் புத்தகத்தில் இருந்த இரண்டாம் நாள்

பலகை தயார் செய்யும்போது அளவுகளை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கையெழுத்து மோசம், ஆனாலும் புரிந்தது. முதல் நாள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம் முயல் தோல் பசை, இரவு முழுக்க ஊறவைத்தது. தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, அந்தக் குடும்பத்துச் சரக்குதான் இது, கொஞ்சம் இளக்கமானது, அவ்வளவே. மரத்துக்கு அந்தப் பசையில் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. பிறகு 500 மில்லி பசையில் 600 கிராம் சாக் பவுடர் கலந்து ஜெஸ்ஸோ. நான்கு பூச்சு முடிந்தது. கடைசியாக ஒரு வரி: "இருட்டிவிட்டது, மீதி நாளைக்கு."

சாக் பவுடர் என்றால் கால்சியம் கார்பனேட். சுவருக்கு அடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பு இல்லை, அதன் காரம் பசையைக் கெடுத்துவிடும். ஜெஸ்ஸோ என்பது ஜிப்சத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல், அவர்கள் ஜிப்சத்தில் செய்தார்கள், ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே சாக்கில் செய்தார்கள். இரண்டுமே நன்றாக நிற்கும், இந்தக் கதையில் அது பிரச்சினை இல்லை.

இரண்டாம் நாள் குறிப்பு: "ஜெஸ்ஸோ கெட்டியாகிவிட்டது. மிச்சப் பசை 150 மில்லி சேர்த்து இளக்கினேன். நான்கு பூச்சு. அருமையாக வந்தது."

அந்த "அருமையாக" தான் ஒன்பது வருடம் கழித்து நெற்றியை உரித்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் நாள் ஜெஸ்ஸோவில் 600 கிராம் சாக்குக்கு 35 கிராம் பசை இருந்தது, அதாவது நூறு கிராம் சாக்குக்கு 6 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பாதி தீர்ந்ததும் மிச்சம் 300 கிராம் சாக், பதினேழரை கிராம் பசை. இரவில் உறைந்ததை மறுநாள் சூடாக்கும்போது ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான். பசையும் சாக்கும் அப்படியே இருக்கின்றன, அவற்றுக்கு இடையிலான விகிதமும் மாறவில்லை. ஜெஸ்ஸோ கெட்டியானதற்குக் காரணம் தண்ணீர் போனது, திருப்பிக் கொடுக்க வேண்டியதும் தண்ணீர்தான். நான் கொடுத்ததோ பசை. அதுவும் இரண்டு நாளாகத் திறந்த பாத்திரத்தில் சூடேறிக்கொண்டிருந்த பசை. அதே பாத்திரத்தில் அவ்வளவே நேரம் தண்ணீரைச் சூடாக்கி எடை போட்டுப் பார்த்தேன், கால்வாசி போய்விட்டது. ஆக லிட்டருக்கு 70 கிராம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பசை உண்மையில் 93 கிராம் பக்கம் இருந்திருக்கும். அதில் 150 மில்லி என்றால் 14 கிராம் பசை. கூட்டினால் 300 கிராம் சாக்குக்கு முப்பத்தொன்றரை கிராம், நூறுக்குப் பத்தரை. கீழே நான்கு பூச்சில் ஆறு, மேலே நான்கு பூச்சில் பத்தரை.

கீழே அந்த ஆறுகூட முழுசாக இருந்திருக்காது. மரத்துக்கு ஒரே ஒரு மெல்லிய பசைப் பூச்சுதான் கொடுத்திருந்தேன், பசியோடு இருந்த மரம் முதல் பூச்சுகளிலிருந்து பசையை உறிஞ்சியிருக்கும். ஈர விரலில் மாவாக வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பலமானது மேலே இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மிருகப் பசையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் அந்த எண்ணம் போய்விடும். கண்ணாடியில் பனிப்பூ மாதிரி வேலைப்பாடு செய்ய ஒரு பழைய முறை உண்டு. சொரசொரப்பாக்கிய கண்ணாடி மேல் கெட்டியான வஜ்ஜிரத்தைச் சூடாகத் தடவிக் காயவிடுவார்கள். காயும் பசை சுருங்குகிற இழுப்பில் கண்ணாடியின் மேல்தோலையே சில்லு சில்லாகப் பிய்த்துக்கொண்டு வரும். கண்ணாடியைப் பிய்க்கிற இழுப்புக்குப் பொடியாக நிற்கும் ஜெஸ்ஸோ எம்மாத்திரம். பசை கூடிய மேல் அடுக்கு காய்ந்த நாளிலிருந்தே கீழ் அடுக்கை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வறண்ட பருவத்திலும் இழுப்பு கொஞ்சம் கூடியது, ஈரம் வந்தபோது மரம் கீழிருந்து தள்ளியது, கடைசியில் நான்காவது பூச்சுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே பிரிந்தது. நான் இருட்டிவிட்டது என்று வேலையை நிறுத்திய அதே கோட்டில்.

1400ஆம் ஆண்டுவாக்கில் ஓவியக் கைவேலை பற்றி எழுதிவைத்த சென்னினோ சென்னினி, ஜெஸ்ஸோ பூச ஆரம்பித்தால் எல்லாப் பூச்சையும் அதே நாளில் முடி, வேண்டுமானால் இரவிலும் உட்கார்ந்து முடி என்கிறார். முதலில் படித்தபோது அந்தக் காலத்துப் பட்டறைக் கண்டிப்பு என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். ஒரே பாத்திரம், ஒரே பலம், முந்தின பூச்சு உள்ளே இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே அடுத்தது அதைக் கவ்விக்கொள்ளும். இதெல்லாம் ஒரே நாளில் முடித்தால்தான் தானாக அமைகிறது.

மூன்று துண்டுப் பலகை

ஊகம் சரிதானா என்று பார்க்காமல் விட மனசு வரவில்லை. அதே மரத்தில் 15 சென்டிமீட்டர் சதுரமாக மூன்று துண்டு எடுத்தேன். முதலாவதில் பசையை இரண்டு தரம் பூசிக் காயவைத்து, எட்டுப் பூச்சு ஜெஸ்ஸோவும் ஒரே நாளில். இரண்டாவதில் என் பழைய தப்பை அப்படியே திரும்பச் செய்தேன், நடுவில் ஒரு இரவு, மறுநாள் 150 மில்லி கெட்டிப் பசை உட்பட. மூன்றாவதில் மரத்துக்குப் பசையே கொடுக்காமல் நேராக ஜெஸ்ஸோ. காய்ந்தபின் மூன்றையும் அடியில் ஈரத்துணி விரித்த மூடிய பெட்டியில் ஒரு வாரம், வெளியே உலர்ந்த இடத்தில் ஒரு வாரம் என்று மாற்றி மாற்றி வைத்தேன்.

இரண்டாவது துண்டில் மூன்றாம் சுற்றிலேயே ரேகையோடு மயிரிழை விரிசல் வந்தது. விரிசலில் நகத்தை வைத்து நெம்பினால் செதில் எழும்பியது, செதில் முதுகும் வெள்ளை, பலகையும் வெள்ளை. பெரியப்பா நெற்றியேதான். மூன்றாவதில் விரிசல் இல்லை, ஆனால் கத்தி முனையால் கீறினால் கீறின இடத்தில் வெற்று மரம் தெரிந்தது, அதன் தப்பு வேறு ரகம். முதலாவதில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மூன்றே துண்டை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் நிரூபித்ததாகச் சொல்ல மாட்டேன், என் ஊகத்துக்கு முரணாக எதுவும் வரவில்லை என்பது எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் துண்டை எப்படிச் செய்தேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இப்போது பலகை என்றால் இதைத்தான் செய்கிறேன்.

ஊறிய பசையைப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து வெந்நீர்ச் சூட்டில்தான் கரைக்க வேண்டும். 60 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது, கொதித்தால் பசையின் பலம் போய்விடும், பார்க்க ஒன்றும் தெரியாது. கரைந்ததில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்தால் ஜெல்லி போல உறையும். விரலால் இரண்டாகப் பிளந்தால் உடைந்த முகம் சொரசொரவென்று இருக்க வேண்டும். பிளக்காமல் ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்தால் பலம் அதிகம், கூழாகச் சரிந்தால் குறைவு. பசைக்குப் பசை சரக்கு மாறும் என்பதால் 70 கிராம் என்ற எண்ணைவிட நான் இந்தச் சோதனையைத்தான் நம்புகிறேன்.

அந்தப் பசையை மரத்துக்கு முன், பின், ஓரம் எல்லாப் பக்கமும் பூசி, ஒரு நாள் காயவிட்டு, இன்னொரு முறை. ஓரத்தில் ரேகை வெட்டுப்பட்ட இடம் நிறையக் குடிக்கும், அங்கே மூன்றாவது தரமும். அப்புறம் வெதுவெதுப்பான பசைக்குள் சாக் பவுடரைச் சல்லடையில் மெதுவாகச் சலித்துவிட வேண்டும். பொடி மூழ்கி, மூழ்கி, ஒரு கட்டத்தில் சின்னத் தீவுகளாக மேலே எட்டிப் பார்க்கும், அங்கே நிறுத்தலாம். அரை மணி நேரம் கலக்காமல் விட்டால் பொடிக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறும். பிறகு நுரை வராமல் மெதுவாகக் கலக்கி, துணியில் வடிகட்டுவது. அவசரப்பட்டுக் கடைந்தால் குமிழி சேரும், குமிழி ஜெஸ்ஸோவில் குண்டூசித் துளையாக நிற்கும், அந்தத் துளையை அடுத்த எந்தப் பூச்சாலும் மூட முடியாது, கிணறு மாதிரி கூடவே ஏறி வரும்.

முதல் பூச்சு மெல்லியதாக, பிரஷ்ஷால் வைத்து உள்ளங்கையால் தேய்த்துவிடுகிறேன், அதில்தான் துளைகள் அடைபடும். அடுத்தது எப்போது என்பதற்குக் கடிகாரம் வேண்டாம். ஈரப் பளபளப்பு மறைந்து மங்கலானதும் அடுத்த பூச்சு, முந்தினதுக்குக் குறுக்காக. எட்டும் முடியும்வரை பாத்திரம் வெந்நீரில் வெதுவெதுப்பாகவே இருக்கும். இப்போது பாத்திரத்துக்கு மூடி உண்டு, ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் எவ்வளவு மட்டம் என்று வெளிப்புறத்தில் பென்சில் கோடும் உண்டு. அடுத்த முறை எடுக்கும்போது மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் வெந்நீரால் நிரப்புகிறேன். பசை டப்பாவை அந்த மேசையில் வைப்பதே இல்லை.

பின்பக்கத்துக்கும் இதே ஜெஸ்ஸோவில் சில பூச்சு கொடுக்கிறேன். பெரியப்பா பலகையின் முதுகு வெற்று மரமாகவே இருந்தது. முன்பக்கம் ஜெஸ்ஸோவும் எண்ணெயும் மூடியிருக்க, ஈரம் போய்வருவதெல்லாம் முதுகு வழியாகத்தான் நடந்தது, அதனால் முகப்பக்கம் லேசாக வெளியே புடைத்திருந்தது. உரிதலுக்கு அது மூல காரணம் இல்லை, ஆனால் பலவீனமான கோட்டை வருடா வருடம் நெம்பிக்கொண்டிருந்தது அதுதான்.

தண்ணீருக்கு முன்னால்

ஜெஸ்ஸோவைச் சரியாகச் செய்தாலும் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துக்குள் புகுந்தது. சாந்தா குரோச்சே தேவாலய அருங்காட்சியகத்தில் இருந்த, ஓவியர் வசாரியின் 'கடைசி இரவுணவு', 1546இல் ஐந்து பாப்ளர் பலகைகளைச் சேர்த்து வரையப்பட்டது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் நின்றது. நானூற்றிருபது வருடம் தாங்கிய ஜெஸ்ஸோ அது. தண்ணீரில் பசை இளகியது, மரம் ஊதியது. அதைவிட மோசம் பின்னால் வந்தது: மரம் காய்ந்து சுருங்கியபோது, மேலே இருந்த வண்ணத் தோல் சுருங்கவில்லை, உட்கார இடம் போதாமல் எழும்பியது. வண்ணம் உதிராமல் இருக்க முகத்தில் மெல்லிய தாளை ஒட்டிப் படத்தைப் பல பத்தாண்டுகள் கிடங்கில் வைத்திருந்தார்கள். அதை மறுபடி சுவரில் ஏற்றியது 2016 நவம்பர் 4 அன்றுதான், சரியாக ஐம்பது வருடம் கழித்து. அதே இடத்தில் இருந்த சிமாபுவேயின் பெரிய சிலுவை ஓவியம் தன் வண்ணத்தில் பெரும்பகுதியை அந்த வெள்ளத்தில் நிரந்தரமாகவே இழந்தது.

பசை ஜெஸ்ஸோ தண்ணீரில் கரைந்து உருவானது, தண்ணீர் கண்டால் திரும்பக் கரையும். காற்று ஈரம் ஏறி இறங்குவதைத் தாங்கும், சுவர் வழியாக நீர் கசிகிற இடத்தைத் தாங்காது. பெரியம்மா வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், கசிவு இல்லை. பழி என்மேல்தான்.

கேன்வாஸ் ஏன் தப்பித்தது

அதே பசை ஜெஸ்ஸோவைப் பெரியம்மாவின் கேன்வாஸுக்கும் போட்டிருந்தால்? நல்ல வேளையாக அந்தப் பாடத்தை அதற்கு முன்பே படித்திருந்தேன். எட்டுப் பூச்சு ஜெஸ்ஸோ என்பது கிட்டத்தட்ட ஒரு மெல்லிய கல் பலகை. மரம் அதற்கு முதுகெலும்பாக நிற்கும், துணி நிற்காது. பின்னாலிருந்து ஒரு விரல் பட்டால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக விரிசல் விடும், என்னுடைய பழைய படம் ஒன்றை நகர்த்தும்போது இப்படித்தான் போனது.

துணிக்கு ஜெஸ்ஸோ வேண்டாம், பசை மட்டும் பூசி மேலே எண்ணெய்ப் பூச்சு போடலாமே என்றால், பல நூற்றாண்டாகச் செய்ததும் அதுதான். எண்ணெய் நேராக நாரில் பட்டால் காலப்போக்கில் நார் பழுப்பேறி உளுத்துப்போகும், அதைத் தடுக்கத்தான் பசை. ஆனால் பசை அங்கே சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் மேரியன் மெக்லன்பர்க் என்ற ஆய்வாளர் ஓவியத்தின் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக ஈரத்திலும் வறட்சியிலும் இழுத்து அளந்து பார்த்தார். வறண்ட காற்றில் கேன்வாஸ் ஓவியத்தின் இழுப்பில் பெரும்பங்கைச் சுமப்பது துணி இல்லை, அந்த மெல்லிய பசைப் படலம். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் அதே பசை இளகிப் பிடியை விடுகிறது, அதே சமயம் நூல் தடித்து நெசவு இறுகித் துணி சுருங்குகிறது. மேலே வண்ணம், கீழே சுருங்கும் துணி, நடுவில் பிடி இல்லாத பசை. மூலைகளில் சாய்வாக வரும் விரிசலுக்கும், ஈரமான சுவரில் தொங்கிய கேன்வாஸ்களில் வண்ணம் கூரை கூரையாக எழுவதற்கும் இந்த இரண்டு நடத்தைகளே பெரும்பாலும் காரணம்.

அக்ரிலிக் ஜெஸ்ஸோ 1950களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. பழைய பெயரை ஒட்டிக்கொண்டார்களே தவிர, அதற்கும் பசை ஜெஸ்ஸோவுக்கும் உறவு கம்மி. உள்ளே இருப்பது அக்ரிலிக் பிளாஸ்டிக், சாக், டைட்டானியம் வெள்ளை. காய்ந்தால் வளைந்து கொடுக்கும், ஈரம் ஏறி இறங்கினாலும் பசை மாதிரி இழுப்பதும் இளகுவதும் இல்லை. பெரியம்மாவின் கேன்வாஸுக்கு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் மெல்லியதாக, ஒன்றுக்கொன்று குறுக்காக, முடித்து ஒரு வாரம் விட்டு வண்ணம் தொட்டேன். செய்த காரியம் அவ்வளவுதான்.

அதற்கும் தொல்லைகள் உண்டு. தண்ணீர் நிறைய ஊற்றி நீட்டினால் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று கவ்வாமல் பொடியாக நிற்கும். கடும் குளிரில் விறைத்துப்போகும், அந்த நேரத்தில் கேன்வாஸைச் சுருட்டினால் வெடிக்கும். மலிவான சரக்கில் பிளாஸ்டிக் கூடி மேற்பரப்பு வழவழவென்று இருந்தால் எண்ணெய் வண்ணம் பிடிக்க ஊன்றுகால் கிடைக்காது, காய்ந்த பூச்சின் மேல் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரியும், முத்தாக உருண்டு நின்றால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட வேண்டும். அப்புறம் ஒன்று: அக்ரிலிக் ஜெஸ்ஸோ மேல் எண்ணெய் வரையலாம், எண்ணெய் அடிப்பூச்சு மேல் அக்ரிலிக் வரையக் கூடாது. எண்ணெய் அடிப்பூச்சு வாங்குவதாக இருந்தால் துத்தநாக வெள்ளை கலந்ததா என்று டப்பாவில் படியுங்கள். துத்தநாகம் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாக மாறி, சில பத்தாண்டுகளில் படலத்தை நொறுங்கும்படி செய்துவிடும், அதைக் கீழே வைத்து மேலே எவ்வளவு நல்ல வண்ணம் போட்டாலும் அந்த நொறுங்கல் மேலே வரும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் அக்ரிலிக்கே போதுமே என்று கேட்பவர்களுக்கு என் பதில், கேன்வாஸுக்கு ஆமாம். பலகைக்கு நான் இன்னும் பசை ஜெஸ்ஸோதான், அது வண்ணத்தை உறிஞ்சிப் பிடிக்கிற விதமும், உப்புத்தாள் தேய்த்து ஈரத்துணியால் மெருகேற்றினால் கிடைக்கும் தந்தம் போன்ற பரப்பும் டப்பாவில் வருவதில்லை. ரொம்பவும் உறிஞ்சும், அது தெரியும். வண்ணத்திலிருந்து எண்ணெயைக் குடித்துவிட்டால் படம் திட்டுத் திட்டாக மங்கும், வண்ணமும் சோனியாகும். அதனால் ஜெஸ்ஸோ முடிந்து நன்றாகக் காய்ந்தபின் தண்ணீராய் நீர்த்த பசையில், பாதிக்கும் குறைவான பலத்தில், ஒரே ஒரு மெல்லிய பூச்சு. மேலே பலம் கூடக் கூடாது என்ற விதி இங்கேயும்தான்.

படம் என்ன ஆனது

உரிந்ததை நானே ஒட்டலாம் என்று கை துறுதுறுத்தது. செய்யவில்லை. ஓவியப் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன், கூடவே நோட்டுப் புத்தகப் பக்கத்தின் நகலையும் துண்டுப் பலகைகளையும். அந்த நகல்தான் அவருக்கு அதிகம் உதவியது: பிரிவு எந்தக் கோட்டில், கீழே இருப்பது எவ்வளவு பலவீனம் என்று தெரிந்ததால், எழும்பிய இடங்களோடு நிறுத்தாமல் சுற்றியிருந்த, பார்க்க நன்றாக இருந்த பகுதியையும் விரல் நுனியால் தட்டிப் பார்த்தார். பொள்ளலாகச் சத்தம் வந்த இடங்கள் நாங்கள் கண்டதைப் போல இரண்டு மடங்கு. மீன் பசையை மிக நீர்த்த பலத்தில் மெல்லிய தூரிகையால் விரிசல் வழியே உள்ளே விட்டு, இளகியதும் ஒட்டாத தாள் வைத்து, மிதமான சூட்டில் அமர்த்தினார். ஒரு செதிலுக்கு ஒரு நாள் ஆன இடமும் உண்டு. உதிர்ந்த இரண்டு செதில்களும் அவற்றின் இடத்துக்கே போயின, காதுக்கு மேல் பட்டாணி அளவு இடம் மட்டும் திரும்பக் கிடைக்காமல் போனது.

முதுகுக்கும் ஜெஸ்ஸோ பூசிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒன்பது வருடம் திறந்த முதுகோடு ஒரு வளைவுக்குப் பழகிய பலகையை இப்போது ஈரமாக்கினால் அது வேறு பக்கம் நெளியும், நெளிந்தால் இப்போதுதான் அமர்த்திய செதில்கள் எழும். அதற்குப் பதிலாகச் சட்டத்தின் பின்பக்கம் ஒரு அட்டையை அடித்து மூடினார், ஈரம் சட்டென்று ஏறாமல் மெதுவாகப் போய்வரட்டும் என்று. பலகையைச் சட்டத்தில் இறுக்கிப் பிடித்திருந்த நான்கு ஆணிகளையும் எடுத்துவிட்டு, அகலவாக்கில் இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டு, வில்லுப் பட்டை வைத்துப் பிடிக்கவைத்தார்.

பெரியம்மா படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார். "நெத்தி சரியாப் போச்சு. காதுகிட்ட ஒரு புள்ளி இருக்கே" என்றார். இருக்கிறது.